இரண்டு 457-ம் ஒன்றுதானா?

கேள்வி: நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன். டேலியிலிருந்து எடுத்த பர்சேஸ் ரிஜிஸ்டரையும் ஜிஎஸ்டி போர்ட்டலில் டவுன்லோட் செய்த 2பி ஃபைலையும் VLOOKUP போட்டு ஒப்பிடுகிறேன். சில பில்களுக்கு #N/A வருகிறது. ஆனால் அந்த பில் நம்பர் 2பி-யில் இருக்கிறது, என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். ஃபார்முலாவில் என்ன தப்பு சார்?
– வாசகி, ஈரோடு

வணக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் E5 செல்லில் நிற்கிறீர்கள். மேலே ஃபார்முலா பாரில் இது இருக்கிறது:

```
=VLOOKUP(C5,'B2B'!C:F,4,0)
```

இதில் தப்பு இல்லை. பில் நம்பர், 2பி-யில் சப்ளையர்களின் பில்கள் இருக்கும் B2B ஷீட்டில் C நெடுவரிசையில் இருக்கிறது, நீங்கள் கொடுத்த இடமும் C-யில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து நான்காவது F, அதாவது இன்வாய்ஸ் தொகை. கடைசியில் 0 போட்டிருப்பதால் அச்சு அசலாகப் பொருந்துவதை மட்டும் தேடும். முழு நெடுவரிசையாகக் கொடுத்திருப்பதால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது தேடும் இடம் நகர்ந்துபோகவும் வாய்ப்பில்லை. C2:F500 என்று டாலர் குறி இல்லாமல் கொடுத்து இழுத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். ஆக, ஃபார்முலா எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் ஸ்கிரீன்ஷாட் தெளிவாகக் காட்டிவிட்டது.

அது காட்டாதது, அந்த ஃபார்முலா எதைத் தேடுகிறது என்பதை. C5-இல் 457 என்று தெரிகிறது. இரண்டாவது படத்தில் B2B ஷீட்டின் 457-ஐச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். நமக்கு இரண்டும் ஒன்று. எக்செல்லுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. ஒரு செல்லுக்குள் இருப்பது வேறு, அது திரையில் தெரியும் விதம் வேறு. ஸ்கிரீன்ஷாட் தெரியும் விதத்தை மட்டும்தான் பிடிக்கும்.

457 என்று திரையில் தெரியக்கூடிய செல்லுக்குள் என்னென்ன இருக்கலாம் என்று பாருங்கள். கூட்டிக் கழிக்கக்கூடிய எண்ணாக 457 இருக்கலாம். 4, 5, 7 என்ற மூன்று எழுத்துகளாக இருக்கலாம். அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த இடைவெளியே இரண்டு வகைப்படும்: ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வரும் சாதா இடைவெளி ஒன்று, இணையப் பக்கங்களிலிருந்து காப்பி செய்யும்போது கூடவே வந்துவிடும் இன்னொரு வகை இடைவெளி ஒன்று. TRIM முதல் வகையை நீக்கும், இரண்டாவதைத் தொடாது. இந்த நான்கும் உங்கள் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். நான்குக்கும் மருந்து வேறு.

சாதாரணமாக எண் என்றால் செல்லில் வலது பக்கமும் எழுத்து என்றால் இடது பக்கமும் ஒட்டி நிற்கும். அதை வைத்தாவது சொல்லலாம் என்று பார்த்தால், உங்கள் ரிஜிஸ்டரில் எல்லாமே நடுவில் நிற்கிறது. யாரோ அழகுக்காக சென்டர் செய்திருக்கிறார்கள். எழுத்தாக இருக்கும் எண்ணுக்கு எக்செல் செல்லின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம் போடும். ஆனால் உங்கள் படம் மங்கலாக இருக்கிறது, அந்த மூலை எனக்குத் தெரியவில்லை. அந்த முக்கோணத்தை யாராவது ஆஃப் செய்தும் வைத்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். படத்தில் நான்கு வரிகள்தான் இருக்கின்றன: 457, 462, 1180, 39. நான்கும் வெறும் இலக்கங்கள். உங்கள் ரிஜிஸ்டரில் SLT/118 போல எழுத்தும் சாய்கோடும் கலந்த பில் நம்பர்களும் இருக்குமே, அவற்றுக்குத் தொகை சரியாக வருகிறதா? இதற்கு ஆம் என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. எழுத்து கலந்தது இரண்டு ஷீட்டிலும் எழுத்தாகத்தான் இருக்க முடியும், அதனால் பொருந்திவிடும். வெறும் இலக்கமாக இருப்பதுதான் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருக்க முடியும். SLT/118-க்கும் #N/A வருகிறது என்றால் கதை வேறு, ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியைத் தேட வேண்டும். உங்கள் படத்தில் இன்னும் பத்து வரி கூடுதலாக இருந்திருந்தால் இதை நான் கேட்கவே தேவை இருந்திருக்காது. தப்பாக வரும் வரிகளை மட்டும் வெட்டி அனுப்புவதுதான் எல்லோருக்கும் வழக்கம். சரியாக வரும் வரிகள் பக்கத்தில் இருந்தால்தான் எது வித்தியாசம் என்று புரியும்.

சரி, ஊகத்தை விட்டுவிட்டு உறுதி செய்வோம். B2B ஷீட்டில் அந்த 457 எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் படத்தில் வரி எண்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன, அதனால் 31-வது வரி என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டர் ஷீட்டில் காலியாக இருக்கும் ஐந்து செல்களில் இவற்றைப் போடுங்கள்:

```
=ISTEXT(C5)
=ISTEXT('B2B'!C31)
=LEN(C5)
=LEN('B2B'!C31)
=C5='B2B'!C31
```

இந்த ஐந்து விடைகளையும் டைப் செய்து அனுப்பினால் போதும், படமே வேண்டாம். விடைகளை நீங்களே படிக்கவும் முடியும். முதல் இரண்டில் ஒன்று TRUE, ஒன்று FALSE என்று வந்தால் ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் எண். இரண்டும் TRUE, ஆனால் LEN ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 4 என்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. எல்லாம் ஒத்துப்போய் கடைசி விடையும் TRUE, ஆனாலும் VLOOKUP #N/A தருகிறது என்றால், செல்களில் பிரச்சினை இல்லை. அந்த வரியில் இருக்கும் ஃபார்முலா நீங்கள் நினைக்கும் இடத்தில் தேடவில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒத்துப்போய் கடைசி விடை மட்டும் FALSE என்றால், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வேறு எழுத்து உள்ளே இருக்கும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில O, சாதா கோட்டுக்குப் பதில் கொஞ்சம் நீளமான கோடு, இப்படி.

என் கணிப்பு முதலாவதுதான். போர்ட்டலிலிருந்து வரும் ஃபைலில் பில் நம்பர் எழுத்தாக இருப்பதையே பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். ரிஜிஸ்டர் பக்கம் யாராவது அந்த செல்லில் கையால் டைப் செய்திருந்தாலோ, ஃபைல் நடுவில் ஒருமுறை சிஎஸ்வி-யாக மாறி வந்திருந்தாலோ, எக்செல் இலக்கங்களை எண்ணாக மாற்றிவிடும். அப்படித்தான் என்று விடைகள் சொன்னால், E5-இல் இந்தச் சின்ன மாற்றம் போதும்:

```
=VLOOKUP(C5&"",'B2B'!C:F,4,0)
```

C5-உடன் வெறும் மேற்கோள் குறியைச் சேர்த்தால் எண் எழுத்தாகிவிடும். ஏற்கெனவே எழுத்தாக இருந்தால் அப்படியே இருக்கும். அதனால் SLT/118 போன்ற வரிகளும் கெடாது. ஆனால் ஐந்து விடைகளும் வருவதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலைமை தலைகீழாக, அதாவது ரிஜிஸ்டரில் எழுத்து, 2பி-யில் எண் என்று இருந்தால், இதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு #N/A-வைப் பார்த்துவிட்டுக் குழம்புவீர்கள்.

இதில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. படம் முழுசாக ஏமாற்றும் இடம் இதுதான். சப்ளையர் பில்லில் 0457 என்று அச்சாகியிருக்கும். 2பி-யில் எழுத்தாக 0457 என்றே வரும். ரிஜிஸ்டரில் அது எண்ணாக மாறியதில் முன்னால் இருந்த பூஜ்யம் போய்விட்டிருக்கும். யாரோ அதைக் கவனித்து, செல்லின் ஃபார்மட்டை 0000 என்று வைத்துப் பூஜ்யத்தைத் திரும்ப வரவழைத்திருப்பார்கள். இப்போது இரண்டு ஷீட்டிலும் 0457 தெரியும். உள்ளே ஒன்று 457. அந்த செல்லின் மேல் போய் நின்றால் ஃபார்முலா பாரில் 457 என்று உண்மை தெரிந்துவிடும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது எல்லோரும் தப்பு வரும் செல்லில்தான் நிற்பார்கள், அதனால் அந்த உண்மை படத்தில் வராது. LEN போட்டால் மாட்டிக்கொள்ளும்: நான்கு இலக்கம் தெரியும் இடத்தில் 3 என்று வரும். இந்த நிலைமையில் மேலே சொன்ன C5&"" உதவாது, அது 457-ஐத்தான் தேடும். எல்லா பில்லும் நான்கு இலக்கம் என்றால் TEXT(C5,"0000") என்று தேடலாம். வெவ்வேறு சப்ளையர்களின் பில்கள் கலந்திருக்கும் ரிஜிஸ்டரில் அது ஆபத்து, வேறொருவரின் 39-ம் 0039 ஆகிவிடும். பில் நம்பர் எழுத்தாகவே வரும்படி டேலியிலிருந்து திரும்ப எடுப்பதுதான் நல்லது.

இவ்வளவு நிதானமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் இதே மாதிரி #N/A-வை மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் படத்தை மட்டும் பார்த்துவிட்டு TRIM போடச் சொன்னேன். சரியாகவில்லை. VALUE போடச் சொன்னேன், #VALUE! என்று வேறு பிழை வந்தது. இரண்டு நாள் போன பிறகுதான் ஃபைலைக் கேட்டேன். சப்ளையர் பெயர் வெளியே போகக் கூடாது என்று அவர் ஒரு புது ஷீட்டில் பத்து வரியைத் தானே டைப் செய்து அனுப்பினார். அதில் ஃபார்முலா அழகாக வேலை செய்தது! டைப் செய்தபோது அவர் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் டைப் செய்தார், தெரியாமல் ஒட்டியிருந்தது அதோடு கழன்றுவிட்டது. கடைசியில் மூல ஃபைலின் செல்லையே காப்பி செய்து அனுப்பச் சொன்னேன். ஒரே ஒரு ஃபார்முலாவில் காரணம் தெரிந்தது:

```
=UNICODE(RIGHT(A2,1))
```

கடைசி எழுத்தின் குறியீட்டு எண்ணை இது சொல்லும். சாதா இடைவெளி என்றால் 32. அவருக்கு 160 வந்தது, இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் அந்த இரண்டாவது வகை. பார்ட் நம்பர்களை ஒரு வெப்சைட்டிலிருந்து காப்பி செய்திருக்கிறார். அதை நீக்க இது போதும்:

```
=SUBSTITUTE(A2,UNICHAR(160),"")
```

முதல் நாளே சரியானதைக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவருடைய இரண்டு நாளை நான் வீணாக்கினேன்.

ஐந்து விடைகளில் விஷயம் பிடிபடாவிட்டால் உங்களிடமும் மாதிரி ஃபைல் கேட்பேன். அதைத் தயாரிக்கும் விதம் முக்கியம். மூல ஃபைலை Save As கொடுத்து ஒரு நகல் எடுங்கள். நகலில் சம்பந்தமில்லாத ஷீட்களையும் வரிகளையும் அழித்துவிடுங்கள். பொருந்தாத பில் ஐந்து, பொருந்தும் பில் ஐந்து, B2B ஷீட்டில் அவற்றுக்கான வரிகள், இவ்வளவு இருந்தால் போதும். சப்ளையர் பெயர்களை அ, ஆ, இ என்று மாற்றுங்கள். தொகையையும் மாற்றிக்கொள்ளலாம். பில் நம்பர் இருக்கும் செல்களை மட்டும் தொடாதீர்கள், அவற்றின் மேல் டபுள் கிளிக் செய்து என்டர் தட்டக்கூட வேண்டாம். எழுத்தாக இருப்பது அந்த ஒரு தட்டலிலேயே எண்ணாக மாறிவிடலாம். சிஎஸ்வி-யாகவும் சேமிக்காதீர்கள், அதில் எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் தங்காது.

ஜிஎஸ்டி எண் இருக்கும் நெடுவரிசையைக் கண்டிப்பாக மாற்றுங்கள். அந்த 15 எழுத்துகளில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது வரை இருப்பது சப்ளையரின் பான் எண். தனி நபர் நடத்தும் கடை என்றால் அது அவருடைய சொந்த பான். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் அந்த நெடுவரிசையை மொபைலில் இருக்கும் பேனாவால் அடித்திருக்கிறீர்கள். மையின் வழியாக எண்கள் மங்கலாகத் தெரிகின்றன. நான் அந்தப் படத்தை அழித்துவிட்டேன். இனி படம் அனுப்புவதாக இருந்தால் மறைக்க வேண்டியதை ஷீட்டிலேயே Hide செய்துவிட்டுப் படம் எடுங்கள். ஃபைல் அனுப்பும்போது இதற்கு நேர் எதிர்: Hide செய்தால் போதாது, அழிக்க வேண்டும், இல்லையென்றால் யாரும் திறந்து பார்க்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான இடத்தில் எடுத்தால் அதுவும் பேசும். உதாரணத்துக்கு, C5 முதல் C20 வரை செலக்ட் செய்துவிட்டு முழுத் திரையையும் எடுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் Count மட்டும் வந்தால் செலக்ட் செய்தது எல்லாம் எழுத்து. Sum, Average சேர்ந்து வந்தால் அதில் எண்ணும் இருக்கிறது. செல்கள் நடுவில் நின்றாலும் இதை மறைக்க முடியாது. இன்னொரு வழி, E5-இல் நின்று ஃபார்முலா பாரில் C5 என்ற இரண்டு எழுத்தை மட்டும் செலக்ட் செய்து F9 தட்டுங்கள். எழுத்தாக இருந்தால் "457" என்று மேற்கோள் குறியோடு வரும், எண்ணாக இருந்தால் வெறும் 457 வரும். இடைவெளி ஒட்டியிருந்தால் மேற்கோளுக்குள் அந்த இடம் காலியாகத் தெரியும். அந்த நிலையில் எடுத்த ஒரு படம், நீங்கள் அனுப்பிய இரண்டு படத்தைவிட அதிகம் சொல்லும். பார்த்து முடித்ததும் Esc தட்டி வெளியே வாருங்கள். என்டர் தட்டினால் C5 போய் 457 என்பதே ஃபார்முலாவில் நிலைத்துவிடும்.

படத்தின் ஓரங்களை வெட்டாமல் எடுங்கள். மேலே நெடுவரிசை எழுத்துகள், இடது பக்கம் வரி எண்கள், கீழே ஷீட் பெயர்கள், ஸ்டேட்டஸ் பார் எல்லாம் தேவைப்படும். ஃபார்முலாவை மட்டும் படத்தில் விடாமல் காப்பி செய்து கடிதத்திலேயே ஒட்டிவிடுங்கள். காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் மங்கலான படத்தில் தெரியாது, நானும் திரும்ப டைப் செய்ய வேண்டியிருக்காது. எக்செல் எந்த வருஷத்துப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள், File மெனுவில் Account என்ற இடத்தில் இருக்கும். பழைய பதிப்பில் இல்லாத ஃபங்ஷனை நான் சொல்லிவிடக் கூடாது. XLOOKUP 2019 பதிப்பில் கிடையாது, போட்டால் #NAME? என்றுதான் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. #N/A வந்த வரிகளைவிட, தொகை வந்த வரிகளில்தான் எனக்குக் கவலை. 457 என்ற நம்பரில் இரண்டு சப்ளையர்கள் பில் போட்டிருக்கலாம். நீங்கள் பில் நம்பரை மட்டும் வைத்துத் தேடுவதால், VLOOKUP மேலே இருந்து வரும் முதல் 457-இன் தொகையை எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். அது வேறொரு சப்ளையருடைய பில்லாக இருந்தாலும் எந்தப் பிழையும் காட்டாது. ஸ்கிரீன்ஷாட்டிலும் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். ரிஜிஸ்டரில் இன்னொரு நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIF('B2B'!C:C,C5)
```

2 அல்லது அதற்கு மேல் வரும் வரிகளில் VLOOKUP தந்த தொகையை நம்ப வேண்டாம். COUNTIF எண்ணையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்காது என்பதால், VLOOKUP #N/A தரும் வரியில் இது 1 என்று காட்டினால் என் முதல் கணிப்புக்கு அதுவும் ஒரு சாட்சி. ஐந்து விடைகளோடு இந்த நெடுவரிசையில் 2 வந்த வரிகள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால், இந்த மாத ரிட்டர்ன் போடுவதற்கு முன் அந்த பில்களைக் கையில் எடுத்து, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணோடு சேர்த்து ஒப்பிட்டுவிடுங்கள். நிறைய என்றால், ஜிஎஸ்டி எண்ணையும் பில் நம்பரையும் சேர்த்துத் தேடும்படி ஃபார்முலாவையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். மாதிரி ஃபைல் வந்ததும் அதை நானே எழுதி அனுப்புகிறேன்.